பில் ஒன்று, கொடுப்போர் அறுவர்

ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பது எளிது. உண்டு முடித்தபின் ஆறு பேரும் தத்தம் பங்கைக் கொடுத்து எழுவது அத்துணை எளிதன்று. தில்லியில் தங்கிப் பயிலும் நம் மாணவர்கள் இதனை நன்கு அறிவர். பில் மேசைக்கு வந்ததும் ஒரு சிறு மௌனம் நிலவும். ஒருவர் அதனை எடுத்து மேலும் கீழும் பார்ப்பார்; இன்னொருவர் கைப்பேசியில் வகுத்தற் கணக்குப் போடுவார்; "ஏம்பா, இப்போது நீயே கொடுத்துவிடு, அறைக்குப் போய்த் தருகிறோம்" என்பார் மூன்றாமவர். அவ்வாறு கொடுத்தவருக்கு முழுத்தொகையும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்பொழுது பல உணவு விடுதிகளில் பில்லைக் கொண்டுவரும் பணியாளர் கையில் ஒரு சிறு கருவியையும் கொண்டு வருகிறார். "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்கிறார். தனித்தனி என்றால் ஆறு முறை தொகையைக் காட்டி, ஆறு பேரிடமும் வாங்கிக்கொண்டு போகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்செயலுக்குள் என்னென்ன நடைபெறுகின்றன, எங்கே பிழை நேரக்கூடும், நேர்ந்தால் அதனை எவ்வாறு கண்டுகொள்வது என்பவற்றை ஒரு மேசையின் கணக்கைக் கொண்டே காண்போம்.

முதலில், கருவி மேசைக்கு வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு கருவி கல்லாவில் இருந்தது. கார்டுதான் அதனைத் தேடிச் சென்றது. தோலுறைக்குள் பில்லையும் கார்டையும் வைத்துக் கொடுப்போம். பணியாளர் அதனை எடுத்துச் சென்று, கார்டின் முதுகிலுள்ள காந்தப் பட்டையை உரசி, கையொப்பத்திற்குத் தாளைக் கொண்டு வருவார். கார்டு நம் கண்ணுக்கு மறைந்திருந்த அந்தச் சில நிமிடங்கள் திருட நினைப்பவனுக்குப் போதுமானவை. பட்டையில் பதிந்திருப்பது என்றும் மாறாத ஒரே செய்தி. வேறொரு சிறு கருவியில் அதனை இன்னொரு முறை உரசி எடுத்துவிட்டால், அதே போன்ற போலிக் கார்டு ஒன்றைச் செய்துவிடலாம். இக்குறையைப் போக்க வந்தது கார்டின் முகத்தில் பொன்னிறமாகத் தெரியும் சில்லு. ஒவ்வொரு முறையும் அந்தத் தொகைக்கும் அந்த வேளைக்கும் மட்டுமே பொருந்தும் புதியதொரு மறைகுறியை அது கணித்துத் தருகிறது. ஒருமுறை கண்டதை மறுமுறை பயன்படுத்த இயலாது. இதனுடன் பின் எண்ணும் சேர்ந்தது. 2013 டிசம்பர் முதல் நம் நாட்டு டெபிட் கார்டுகளுக்குக் கடைகளில் பின் எண் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. பின் எண்ணைப் பணியாளரிடம் சொல்லி அனுப்ப முடியுமா? ஆகவே, நாம் எழுந்து கல்லாவுக்குப் போகவேண்டும், அல்லது கருவி நம்மிடம் வரவேண்டும். கம்பியின்றி இயங்கும் கருவிகள் மலிந்தபோது இரண்டாவது வழியே வென்றது.

கைக்கு அடங்கும் அக்கருவியை ஒரே பொருள் என்று எண்ணுதல் பிழை. ஓர் உடலுக்குள் இரு வேறு கருவிகள் அதில் குடியிருக்கின்றன. ஒன்று, ஏறக்குறைய நம் கைப்பேசியைப் போன்றது. மேசைகளின் பட்டியல், உணவு வகைகள், பில், நிலுவை ஆகியவற்றைக் காட்டுவது இதுவே. விடுதியின் கணக்கு நிரல் இதில்தான் ஓடுகிறது. மற்றொன்று, பூட்டிய பெட்டகம் போன்றது. கார்டைச் செருகும் வாய், கார்டைத் தொட்டுக் காட்டும் இடம், பின் எண்ணை வாங்கும் பகுதி ஆகியவை இதனைச் சேர்ந்தவை. நாம் அழுத்தும் பின் எண் இப்பெட்டகத்திற்குள்ளேயே மறைகுறியாக மாற்றப்பட்டு வெளியே செல்கிறது. விடுதியின் நிரல் "இவ்வளவு தொகை வாங்கித் தா" என்று பெட்டகத்தைக் கேட்கும். "வாங்கினேன்" அல்லது "வாங்கவில்லை" என்று பெட்டகம் விடை சொல்லும். பின் எண்ணை அந்நிரல் காண்பதேயில்லை. யாரேனும் ஆணியைக் கழற்றி உட்புறத்தைத் திறக்க முயன்றால், பெட்டகம் தன்னிடமுள்ள சாவி எண்களைத் தானே அழித்துக்கொண்டு பயனற்றதாகிவிடும்.

எல்லாக் கருவிகளிலும் இவ்விரு பாதிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். சிறிய விடுதிகள் பலவற்றில் வங்கி தந்த கருவி தனியே இருக்கும்; கணக்கு எழுதும் கணினி தனியே இருக்கும். பணியாளர் தாள் பில்லைப் பார்த்துத் தொகையைத் தம் விரலால் அழுத்துவார். அங்கே பங்கு பிரிக்கும் வேலை முழுவதும் அவருடைய மனக்கணக்கே. 328 என்பதற்கு 238 என்று அழுத்திவிட்டாலும் கருவி ஒன்றும் சொல்லாது. மேசை எண்ணைத் தொட்டவுடன் பில் தானே திரையில் தோன்றினால் இணைந்த கருவி என்றும், தாளைப் பார்த்து எண்ணை அழுத்தினால் இணையாத கருவி என்றும் நாம் எளிதில் அறியலாம். இனி நாம் காணப்போவது இணைந்த கருவியை.

14-ஆம் மேசையில் நண்பர்கள் அறுவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர்களை அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று அழைப்போம். அவர்கள் உண்டவை இவை: பனீர் மசாலா ஒன்று 320 ரூபாய், தால் ஒரு பெரிய கிண்ணம் 280 ரூபாய், தந்தூரி ரொட்டி 12, ஒன்று 25 ரூபாயாக 300 ரூபாய், கோழி பிரியாணி இரண்டு, ஒன்று 360 ரூபாயாக 720 ரூபாய், லஸ்ஸி மூன்று, ஒன்று 85 ரூபாயாக 255 ரூபாய். மொத்தம் 1875 ரூபாய். இதற்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு ஐந்து. அஃதாவது 93 ரூபாய் 75 காசு. இவ்வரியின் ஒரு பாதி மத்திய அரசுக்கும் மறு பாதி தில்லி அரசுக்கும் உரியது. பாதி என்பது 46.875 ஆகிறது. காசுக்குக் கீழே அச்சிட வழியில்லாமையால், ஒவ்வொன்றும் 46.88 என்று பில்லில் விழுகிறது. ஆகவே மொத்தம் 1968.76, அதனை முழு ரூபாயாக்க 24 காசு சேர்த்து 1969 ரூபாய். பில்லின் அடியில் சிற்றெழுத்தில் காணும் 'ரவுண்ட் ஆஃப்' என்னும் வரி இதுவே. இந்தக் காசுகளை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னே இவை தலை காட்டும்.

பணியாளர் 'தனித்தனி' என்பதைத் தொட்டவுடன் கருவி என்ன செய்கிறது? பில்லை ஆறு துண்டாக வெட்டிவிடுகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. பில் ஒன்றாகவே இருக்கிறது. அதன் எண் ஒன்று, வரி ஒன்று. அந்த ஒரே பில்லின் எதிரே 'நிலுவை' என்று ஓர் எண் எழுதப்படுகிறது. ஒவ்வொருவர் கொடுக்கக் கொடுக்க அந்நிலுவை குறைகிறது. சுழியத்தைத் தொட்டதும் பில் மூடப்படுகிறது. நம்மூர் மளிகைக் கடையில் பற்று எழுதி, கொடுக்கக் கொடுக்கக் கழிக்கும் நோட்டுப் புத்தகமும் இதுவும் ஒன்றே.

பில்லையே உண்மையில் துண்டாக்கி ஆறு தனிப் பில்கள் போடும் வழியும் உண்டு. தம் நிறுவனத்திடம் செலவைத் திரும்பப் பெற விரும்புவோர் அதனைக் கேட்பர். ஆனால் அப்போது ஒவ்வொரு பில்லும் தனியே முழு ரூபாய் ஆக்கப்படும். நம் மேசையில் ஒவ்வொருவரும் உண்டதற்குத் தனிப் பில் போட்டால், மொத்தம் 1968 ரூபாய்தான் வரும். ஒரு ரூபாய் எங்கோ போய்விடும். கணக்கர்கள் இதனை விரும்பாததில் வியப்பில்லை.

நிலுவையைக் குறைக்கும் வழிகளில் எளியது சம பங்கு. 1969-ஐ ஆறால் வகுத்தால் 328.1666 என்று முடிவின்றிச் செல்கிறது. எல்லோரும் 328.16 கொடுத்தால் நான்கு காசு குறைகிறது. நிலுவை சுழியத்தைத் தொடாது, பில்லும் மூடாது. எல்லோரும் 328.17 கொடுத்தால் இரண்டு காசு மிகுகிறது. மிகுந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? நன்றாக எழுதப்பட்ட நிரல் ஒரே முறை வகுத்துவிட்டு நிற்பதில்லை. ஒவ்வொருவர் கொடுத்த பின்னும், எஞ்சிய நிலுவையை எஞ்சிய ஆட்களால் மீண்டும் வகுக்கிறது. முதல்வருக்கு 328.17. எஞ்சியது 1640.83, அதனை ஐந்தால் வகுக்க மீண்டும் 328.17. எஞ்சியது 1312.66, நான்கால் வகுக்க 328.165, அதுவும் 328.17 ஆகிறது. நான்காமவருக்கு 328.16, ஐந்தாமவருக்கு 328.17, கடைசியில் எஞ்சிய 328.16 ஆறாமவருக்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக 1969. ஒரு காசு ஏன் கூடக் குறைய இருக்கிறது என்று நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதன் காரணம் இதுவே.

காசுக் கணக்கு இவ்வாறு தீர்ந்தாலும், சம பங்கு எப்போதும் நேர்மையான பங்கு ஆகிவிடாது. நம் மேசையில் 'இ' என்பவரைக் கவனியுங்கள். அவர் உண்டது மூன்று ரொட்டியும் கொஞ்சம் தாலும். விடுதிக் கட்டணம் கட்டிய பின் அம்மாதம் அவர் கையில் அவ்வளவுதான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். தாலையும் ரொட்டியையும் அ, ஆ, இ, ஈ என்னும் நால்வர் சமமாகப் பகிர்ந்தனர். பனீரை அ, ஆ இருவர் உண்டனர். உ, ஊ இருவரும் ஆளுக்கொரு பிரியாணி உண்டனர். லஸ்ஸி அருந்தியோர் ஈ, உ, ஊ. வரியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அ, ஆ இருவருக்கும் 320.25, இ என்பவருக்கு 152.25, ஈ என்பவருக்கு 241.50, உ, ஊ இருவருக்கும் 467.25. சம பங்கில் இ கொடுக்கவேண்டியது 328.17. அஃதாவது, தாம் உண்ணாத உணவுக்கு அவர் ஏறக்குறைய 176 ரூபாய் கொடுத்திருப்பார். பிரியாணி உண்டவர்களோ ஆளுக்கு 139 ரூபாய் மிச்சப்படுத்தியிருப்பர். "எனக்கு மட்டும் தனியாகப் போடுங்கள்" என்று நண்பர்கள் நடுவில் வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

உண்டதற்கு ஏற்பப் பிரிக்கும் வழி கருவியில் உண்டு. ஆனால் அது பில் வந்தபின் தொடங்குவதன்று. உணவு சொல்லும்போதே தொடங்கவேண்டியது. உணவு கேட்கும்போது பணியாளர் ஒவ்வோர் உணவையும் இருக்கை எண்ணோடு சேர்த்துப் பதிந்தால், இறுதியில் இருக்கையைத் தொட்டவுடன் அவரவர் பங்கு தோன்றும். பொதுவான கிண்ணத்தை 'நால்வருக்கு' என்று குறித்தால் அதனை நிரலே பகுத்துக்கொள்ளும். இருக்கை எண் இன்றிப் பதிந்துவிட்டால், கடைசியில் நின்றுகொண்டே ஒவ்வோர் உணவாகத் தொட்டு, "லஸ்ஸி யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். பின்னால் மூன்று மேசைகள் அழைக்கும்போது எந்தப் பணியாளர் அதற்குப் பொறுமை காட்டுவார்? ஆகவே, தனித்தனியாகக் கொடுக்க எண்ணுவோர் உணவு சொல்லும்போதே அதனைச் சொல்லிவிடுவது இருவருக்கும் நலம்.

நம் நண்பர்கள் உண்டதற்கு ஏற்பவே பிரித்துக்கொண்டனர் என்று கொள்வோம். மேலே சொன்ன ஆறு பங்குகளையும் கூட்டினால் 1968.75, பில்லோ 1969. இருபத்தைந்து காசு எவர் பங்கிலும் சேராமல் நிற்கிறது. நிரல் அதனைக் கடைசியாகக் கொடுப்பவர் தலையில் கட்டுகிறது. கடைசி ஆளுக்குப் பங்கைக் கணக்கிடாமல் 'எஞ்சியது முழுவதும்' என்று காட்டுவதே வழக்கம். இல்லாவிட்டால் பில் மூடாது. எனவே ஊ கொடுக்கவேண்டியது 467.50.

இனிப் பணம் செல்லும் வழியைப் பார்ப்போம். அ தம் கார்டைக் கருவியின் மேல் தொட்டுக் காட்டுகிறார். சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் வந்தால்தான் கார்டும் கருவியும் பேசிக்கொள்ளும். சில்லு தரும் மறைகுறி, கருவியிலிருந்து விடுதியின் வங்கிக்கும், அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற இணையத்திற்கும், அங்கிருந்து அ-வின் வங்கிக்கும் செல்கிறது. அவ்வங்கி கணக்கைப் பார்த்து விடை தருகிறது; விடை வந்த வழியே திரும்புகிறது. இவ்வளவும் சில நொடிகளில் முடிகின்றன. நிலுவை 1969-இலிருந்து 1648.75 ஆகிறது. அ-விடம் பின் எண் கேட்கப்படவில்லை. ஏனெனில் 2021 ஜனவரி முதல் 5000 ரூபாய் வரை தொட்டுக் கொடுப்பதற்குப் பின் எண் வேண்டியதில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒருவரே 6000 ரூபாய் விருந்துக்குக் கொடுத்தால் பின் எண் கேட்கப்படும். அறுவர் ஆளுக்கு ஆயிரமாகத் தொட்டால் ஒருவரிடமும் கேட்கப்படாது. பிரித்துக் கொடுக்கும்போது காவல் ஒரு படி தளர்கிறது. இது பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

ஆ யூ.பி.ஐ. வழியாகக் கொடுக்கிறார். கருவி திரையில் ஒரு கியூ.ஆர். சதுரம் காட்டுகிறது. கடை முகப்பில் ஒட்டியிருக்கும் சதுரத்திற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஒட்டிய சதுரத்தில் கடையின் முகவரி மட்டும் இருக்கும். தொகையை நாமே எழுதவேண்டும். கருவி காட்டும் சதுரம் அந்த ஒரு பங்குக்காகவே அப்போது வரையப்படுவது. அதனைப் பிரித்துப் படித்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=unavagam@bank&pn=Unavagam&am=320.25&cu=INR&tr=T14-2
```

`pa` என்பது விடுதியின் முகவரி, `am` என்பது தொகை. `tr` என்பதே நம் கதைக்கு முதன்மையானது. 14-ஆம் மேசையின் இரண்டாவது பங்கு என்னும் அடையாளத்தை அது சுமந்து செல்கிறது. பணம் விடுதியின் வங்கியை அடைந்ததும் இவ்வடையாளத்தோடு செய்தி வரும். கருவி உரிய பங்கைக் கழித்துக்கொள்ளும். இம்முறையில் பின் எண்ணை நம் கைப்பேசியிலேயே அழுத்துகிறோம். விடுதியின் கருவியைத் தொடுவதேயில்லை. நிலுவை 1328.50. அடுத்து இ, ஈ இருவரும் கார்டைச் செருகிப் பின் எண் அழுத்திக் கொடுக்கின்றனர். நிலுவை 934.75. (எவரேனும் நோட்டாகக் கொடுத்தால் கால் ரூபாயை எங்கே தேடுவது? ஆகவே கையில் வாங்கும் பங்கை முழு ரூபாயாகப் பதிந்து, வேறுபாட்டைக் கடைசி ஆளுக்குத் தள்ளுவர். அந்நோட்டு மாலை வரை பணியாளரின் பையில் இருக்கும். குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவரே.)

ஐந்தாவதாக உ தம் கைப்பேசியைச் சதுரத்தின் எதிரே காட்டுகிறார். 467.25 ரூபாய். கைப்பேசியில் பச்சை நிறத்தில் 'பணம் சென்றது' என்று தோன்றுகிறது. கருவியிலோ 'காத்திருக்கிறது' என்பதே நிற்கிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு கருவி 'விடை இல்லை' என்கிறது. பணியாளர் தயங்கி, "சார், எங்களுக்கு வரவில்லை. இன்னொரு முறை போடுகிறீர்களா?" என்று கேட்கிறார். உ-வின் முகம் மாறுகிறது. மேசையில் உண்மையான இடர் தொடங்கும் இடம் இதுவே.

'மறுப்பு' வேறு, 'விடை இல்லை' வேறு. மறுப்பு என்றால் வங்கி கேள்வியைக் கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டது, பணம் நகரவில்லை, மறுபடி முயல்வதில் தவறில்லை. விடை இல்லை என்றால் என்ன நடந்தது என்பது கருவிக்கே தெரியாது. மூன்றில் ஒன்று நடந்திருக்கும். உ-வின் வங்கியை விட்டே பணம் கிளம்பாமல் இருக்கலாம். அங்கிருந்து கிளம்பி, விடுதியின் வங்கியை அடையாமல் நடுவில் நிற்கலாம். அல்லது விடுதியின் வங்கியை அடைந்துவிட்டு, 'அடைந்தது' என்னும் செய்தி மட்டும் கருவிக்கு வராமல் இருக்கலாம். விடுதியின் மூலையில் உள்ள மேசையில் கம்பியில்லாத் தொடர்பு நலிந்திருந்தால் மூன்றாவது எளிதில் நேரும்.

கார்டாக இருந்தால் இதற்குக் கருவியே ஒரு மருந்து வைத்திருக்கிறது. குறித்த நேரத்திற்குள் விடை வராவிட்டால், "நான் கேட்டதை நடவாததாகக் கொள்க" என்னும் திருப்பச் செய்தியை அதுவே அனுப்பும். தொடர்பு இல்லையென்றால் சேமித்து வைத்து, தொடர்பு வந்ததும் முதல் வேலையாக அனுப்பும். யூ.பி.ஐ.யில் பணத்தைத் தள்ளியது உ-வின் கைப்பேசி. கருவி அதனைத் திரும்பப் பெற இயலாது. கேட்டறியத்தான் இயலும். அதற்கென்றே 'நிலையறிதல்' என்னும் பொத்தான் இருக்கிறது. அதனைத் தொட்டால், `T14-5` என்னும் அடையாளத்தோடு பணம் வந்ததா என்று கருவி வங்கியைக் கேட்கும். பணியாளர் செய்யவேண்டியது இதுவே. அவசரத்தில் அவர் புதிய சதுரம் வரைந்தால் அது புதிய அடையாளம் பெறும். பழைய அடையாளம் அனாதையாகும். உ இரண்டு முறை கொடுத்தவர் ஆவார்.

"என் கைப்பேசியில் பச்சையாகத் தெரிகிறதே, பார்க்கமாட்டீர்களா?" என்று உ கேட்பது இயல்பே. ஆயினும் பணியாளர் அதனை நம்பிப் பில்லை மூட மறுத்தால் அவர்மீது சினம் கொள்ளலாகாது. அதே போன்ற பச்சைத் திரையைப் போலியாகக் காட்டும் செயலிகள் உலவுகின்றன. பணம் வராமல் பில் மூடப்பட்டால் அந்தக் குறை பல விடுதிகளில் பணியாளர் தலையில் விழுகிறது. திரையின் நிறத்தைவிட நம்பத்தக்கது, ஒவ்வொரு கொடுப்பிற்கும் உள்ள பன்னிரண்டு இலக்க எண். கார்டுச் சீட்டில் அது `RRN` என்று அச்சாகிறது, யூ.பி.ஐ. செயலியில் நடவடிக்கையின் விவரத்தைத் திறந்தால் காணலாம். அவ்வெண்ணைக் கல்லாவில் சொன்னால், விடுதியின் வங்கிக் கணக்கில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உண்மையும் போலியும் அங்கே பிரிந்துவிடும்.

விடை வரும்வரை உ-வின் பங்கைக் கருவி என்னவாக வைத்திருக்கவேண்டும்? நல்ல நிரல் அதனைக் கழிக்கவும் செய்யாது, பழையபடி நிலுவையில் கலக்கவும் செய்யாது. 'ஐயம்' என்று தனியே ஒதுக்கிவைக்கும். ஊ கொடுக்கவேண்டியது 467.50 என்றே காட்டும். குறையுள்ள நிரல் உ கொடுக்கவில்லை என்றே முடிவு செய்து, நிலுவை 934.75 என்று வைத்துக்கொள்ளும். அடுத்து ஊ-விடம் கருவி நீட்டப்படுகிறது. அவர் கடைசி ஆள். ஆகவே 'எஞ்சியது முழுவதும்'. பேச்சு மும்முரத்தில் திரையைப் பாராமல் அவர் கார்டைத் தொடுகிறார். 5000-க்கு உட்பட்ட தொகையாதலால் பின் எண்ணும் கேட்கப்படுவதில்லை. உ-வின் பங்கும் ஊ-வின் கணக்கிலிருந்து போய்விடுகிறது! தம் பிரியாணிக்கு 934.75 கொடுத்ததை அவர் அறைக்குப் போய்க் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே அறிவார். கார்டைத் தொடுமுன் திரையிலுள்ள எண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். எல்லோரையும்விடக் கடைசியில் கொடுப்பவருக்கே அந்த நொடி தேவைப்படுகிறது.

உ மறுபடியும் கொடுத்தேவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் போன பணம் திரும்புமா? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட ஆணை இதற்கு விடை கூறுகிறது. பணம் கழிக்கப்பட்டும் கடையில் உறுதிச் செய்தி வராமல் போனால், நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் அது தானாகவே திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தரப்படவேண்டும். பணம் நடுவில் நின்ற இரண்டாவது நிலைக்கு இது நன்கு பொருந்தும். ஆனால் பணம் விடுதியின் வங்கிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்ட மூன்றாவது நிலையில், வங்கிகளின் கண்ணுக்கு அது வெற்றியாக முடிந்த கொடுப்பு. தானாகத் திரும்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "ஐந்து நாளில் வந்துவிடும் சார்" என்னும் சொல்லை நம்பி உ பதினைந்து நாள் காத்திருந்தாலும் வராது. அதனைத் திருப்பித் தரவேண்டியது விடுதியே. உ அங்கே பன்னிரண்டு இலக்க எண்ணோடு போய்க் கேட்கவேண்டும். எந்நிலை என்பதை விடுதி தன் கணக்கைப் பார்த்து அன்றிரவே சொல்லிவிட முடியும்.

ஏனெனில், ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது இரு பட்டியல்கள் ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, நிரல் எழுதிய பில்களும் கொடுப்புகளும். மற்றொன்று, வங்கி அனுப்பும் வரவுப் பட்டியல். உ-வின் முதல் 467.25 வங்கிப் பட்டியலில் இருக்கும். பில் பட்டியலில் அதற்கு இணை இராது. `T14-5` என்னும் அடையாளம் அதன் அருகே இருப்பதால், எந்த மேசை, எந்தப் பங்கு என்று உடனே தெரியும். இணையாத கருவியாக இருந்தால் இவ்வடையாளமே இல்லை. அன்று மாலை வந்த நூற்றுக்கணக்கான வரவுகளில் தொகையையும் நேரத்தையும் மட்டும் கொண்டு தேடவேண்டும். சம பங்காகப் பிரித்த மேசையாக இருந்தால் 328.17 என்றே நான்கு வரவுகள் அடுத்தடுத்து நிற்கும். அவற்றில் உ-வினுடையது எது என்று சொல்ல, உ வைத்திருக்கும் பன்னிரண்டு இலக்கங்களைத் தவிர வேறு சான்று இராது. அந்த எண்ணைச் சில நாள் அழிக்காமல் வைத்திருக்குமாறு சொல்வது இதனால்தான்.

நம் 14-ஆம் மேசைக்கு வந்த இடர் அவ்வளவு தூரம் போகவில்லை. பணியாளர் சதுரத்தை மீண்டும் வரையாமல், கருவியோடு கல்லாப் பக்கம் நான்கடி நடந்து, தொடர்பு சீரானதும் நிலையறிதலைத் தொட்டார். வங்கியின் விடை வந்தது. பணம் முன்பே வந்திருந்தது. நிலுவை 467.50 ஆயிற்று. ஊ எண்ணைப் பார்த்துவிட்டுக் கார்டைத் தொட்டார், சுழியம், பில் மூடியது. கருவியின் வாயிலிருந்து வந்த சிறு தாளில் பில் எண் ஒன்றும், அதன் கீழ் ஆறு கொடுப்புகளும் வரிசையாக இருந்தன. ஊ அதனை எடுத்து நெடுநேரம் பார்த்தார். தமக்கும் உ-வுக்கும் உணவு ஒன்றாயிருக்க, தாம் மட்டும் இருபத்தைந்து காசு கூடக் கொடுத்தது ஏன் என்று அவர் கேட்டார். உ அதனை அறைக்குப் போய்த் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.